சொடுக்கின் விலை ஏறியதா, ரூபாயின் மதிப்பு இறங்கியதா?

பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு வாடிக்கையாளர் அமெரிக்காவில், கணக்கேடு இந்தியாவில். கோரமங்கலாவில் இருந்துகொண்டே அமெரிக்கத் தேடல் பக்கங்களில் விளம்பரம் இடுகிறார்கள். அங்கே ஏலத்தில் போட்டியிடுவோர் பெரும்பாலும் டாலரில் கணக்கிடுபவர்கள். இங்கே கட்டணம் ரூபாயில் பதிவாகிறது. கூகுள் விளம்பரக் கணக்கைத் தொடங்கும்போது தேர்ந்த நாணயத்தைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால், ஐந்தாண்டு அறிக்கையும் ரூபாயிலேயே வந்து நிற்கும். அந்த அறிக்கையைக் கொண்டு ஒரு குழுவின் திறனை அளந்து, அடுத்த ஆண்டுக்கான நிதியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சொடுக்குக்கான சராசரி விலை, அதாவது சிபிசி, 2019இல் 140 ரூபாய், 2023இல் 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 36 விழுக்காடு. குழு கவனமின்றிச் செலவழித்துவிட்டது என்ற முடிவுக்கு மேலாளர் எளிதில் வந்துவிடுவார்.

முதலில் விலையை அது உருவான நாணயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டாலரின் ஆண்டுச் சராசரி 2019இல் ஏறத்தாழ 70.4 ரூபாய், 2023இல் ஏறத்தாழ 82.6 ரூபாய். அவ்வாறெனில் சொடுக்கின் விலை 1.99 டாலரிலிருந்து 2.30 டாலருக்கு வந்திருக்கிறது. உயர்வு 16 விழுக்காடு மட்டுமே. எஞ்சியது ரூபாயின் வீழ்ச்சி. அதற்கு விளம்பரக் குழு பொறுப்பாகாது.

அடுத்தது பணவீக்கம். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி 2019இல் 255.7, 2023இல் 304.7. விலைவாசி 1.19 மடங்காகியிருக்கிறது. 2.30 டாலரை 1.19ஆல் வகுத்தால், 2019ஆம் ஆண்டு டாலரில் 1.93 கிடைக்கும். முப்பத்தாறு விழுக்காடு உயர்வாகத் தோன்றியது, உண்மை மதிப்பில் மூன்று விழுக்காடு இறக்கம். ஏறத்தாழ மாற்றமில்லை என்றே கொள்ளலாம்.

இவ்விடத்தில் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. டாலருக்கு மாற்றிய பிறகு, இந்தியப் பணவீக்கத்தைக் கொண்டு வகுத்துவிடுகிறார்கள். அதே நான்கு ஆண்டுகளில் இந்திய விலைவாசி ஏறத்தாழ 26 விழுக்காடு ஏறியது. 2.30ஐ 1.26ஆல் வகுத்தால் 1.83 டாலர் வரும். சொடுக்கு எட்டு விழுக்காடு மலிந்துவிட்டதாகத் தோன்றும். இது போலி மகிழ்ச்சி. இந்தியப் பணவீக்கத்தின் ஒரு பகுதி ரூபாயின் வீழ்ச்சியாக ஏற்கெனவே வெளிப்பட்டு, நாணய மாற்றத்தின்போதே கழிக்கப்பட்டுவிட்டது. அதையே மீண்டும் கழிப்பது ஒரே கடனை இருமுறை அடைப்பதற்கு ஒப்பாகும். எந்த நாணயத்தில் விலை நிற்கிறதோ அந்த நாட்டின் குறியீட்டெண்ணே அதற்குப் பொருந்தும்.

ஜெயநகரில் தனிப்பயிற்சி நிலையம் நடத்துபவருக்கு வழி வேறு. அவருடைய மாணவரும் வருமானமும் போட்டியாளரும் ரூபாயிலேயே இருக்கின்றனர். அவர் டாலரைத் தொடவே வேண்டாம். அவருக்கும் இதே 140, 190 என்றால், 190ஐ 1.26ஆல் வகுத்து 151 ரூபாய் என்று காண்பார். உண்மை உயர்வு எட்டு விழுக்காடு. எண்கள் ஒன்றே, வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஆண்டுச் சராசரி எல்லா ஆண்டுக்கும் போதாது. 2022 ஜனவரியில் 74 ரூபாய் அளவில் இருந்த டாலர், டிசம்பரில் 82ஐக் கடந்திருந்தது. ஆண்டின் இறுதிக் காலாண்டில் செலவைக் குவிக்கும் நிறுவனம் ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தினால் விடை பிசகும். ஒவ்வொரு மாதச் செலவையும் அம்மாத விகிதத்தில் மாற்றி, மொத்தச் செலவை மொத்தச் சொடுக்குகளால் வகுப்பதே சரி. மாதச் சராசரிகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுப்பது, நூறு சொடுக்கு வந்த மாதத்தையும் பத்தாயிரம் வந்த மாதத்தையும் சமமாக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எல்லை உண்டு. நுகர்வோர் குறியீட்டெண் அரிசி, வாடகை, எரிபொருள் ஆகியவற்றின் விலையை அளப்பது. தேடல் ஏலத்தின் விலையை அன்று. கைப்பேசிச் சொடுக்குகள் மலிவாக இருந்து அவற்றின் பங்கு கூடினால், எதுவும் மலியாமலேயே சராசரி இறங்கும். கண்டறிய வழி எளிது: கருவி, நாடு, தேடுசொல் எனப் பிரித்து ஒவ்வொரு பிரிவிலும் இதே கணக்கைச் செய்து பார்ப்பது. பிரிவுகளுக்குள் விலை அசையாமல் மொத்தச் சராசரி மட்டும் அசைந்திருந்தால், மாறியது விலையன்று, கலவை.

ஆகவே அறிக்கையில் பெயரளவு ரூபாய், டாலர், உண்மை டாலர் ஆகிய மூன்று வரிகளும் அருகருகே நிற்கட்டும். முதல் வரி காசாளருக்கு வேண்டும். கட்ட வேண்டிய தொகை அதுதான். குழுவின் உழைப்பை எடைபோடும் நாளில் பார்க்க வேண்டியது மூன்றாவது வரி.