காலை ஆறு மணி போட்டோ

போன மாசம் சென்னையில இருக்கற என் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினா. மாடியில வச்சிருக்கற எலுமிச்சைக் கன்னு. நர்சரி கவர்ல இருந்ததைப் பெரிய தொட்டிக்கு மாத்தி மூணு நாள் ஆகுதாம். இலையெல்லாம் படகு மாதிரி உள்பக்கமா மடங்கி, துவண்டு தொங்குது.

"மாமா, செடி செத்துருமா? காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் இப்படித்தான் நிக்குது."

எங்க பக்கம் புளியங்குடியைச் சுத்தி எலுமிச்சைதான் பொழப்பு. இலை மடங்கியிருந்தாலும் பச்சை மாறல. "இடம் மாத்துன அதிர்ச்சிதான் தாயி. நிழல்ல வை, பத்து நாள்ல தேறிரும்"னு சொல்லிட்டேன். அன்னைக்கு நான் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும், கேட்கல. அந்தப் போட்டோவை எத்தனை மணிக்கு எடுத்த? தண்ணி எங்க போய்ச் சேருது?

கவரைக் கிழிச்சுக் கன்னை எடுக்கும்போது மண்ணு உதிரும். அதோட முடி மாதிரி இருக்கற சல்லி வேரும் அறுந்துபோகும். தண்ணி குடிக்கறது பெரும்பாலும் அந்தச் சல்லி வேர்தான். மேல இலை பழையபடியே வேர்த்துக்கிட்டு இருக்கும், கீழ குடிக்கற வாய் குறைஞ்சிருக்கும். அதனால உச்சி வெயில்ல செடி துவளும். ராத்திரி ஆனா இலை வேர்க்கறது அடங்கும். மிச்சம் இருக்கற வேர் மெதுவா உறிஞ்சி, விடியறதுக்குள்ள இலையை நிமித்திரும். அதிர்ச்சிங்கறது இதுதான்.

வேர் அழுகல்லயும் இலை துவளும். ஆனா அங்க வேரே செத்துக்கிட்டு இருக்கு. ராத்திரி முழுக்க நேரம் குடுத்தாலும் உறிஞ்ச ஆள் இல்ல. விடியக்காலையிலயும் செடி தொங்கியே நிக்கும், அதுவும் மண்ணு ஈரமா இருக்கும்போதே. மத்தியானம் எடுத்த போட்டோவுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காலை ஆறு மணிக்கு எடுத்த போட்டோதான் பிரிச்சுச் சொல்லும்.

அதுலயும் ஒரு நாள் படத்தை மட்டும் நம்பக் கூடாது. வேர் ரொம்ப அறுந்திருந்தா, அதிர்ச்சியில இருக்கற செடிகூட முதல் ரெண்டு நாள் காலையிலயும் துவண்டுதான் இருக்கும். நேத்து காலைக்கு இன்னைக்கு காலை தேறியிருக்கா, மோசமாயிருக்கா, அதைத்தான் பாக்கணும்.

அஞ்சாம் நாள் ஒரு போட்டோ வந்துச்சு. இலை கொஞ்சம் விரிஞ்சிருந்துச்சு. அவளுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். அப்புறம் விசாரிச்சாதான் தெரியுது, அது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு எடுத்ததாம். மூணாம் நாள் படம் மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்தது. செடி தேறல, வெயில்தான் இறங்கியிருக்கு.

எட்டாம் நாள் படத்துல இலையோட நடு நரம்பு மஞ்சளா இருந்துச்சு. நரம்பைச் சுத்தி இன்னும் பச்சை. மாடி லைட்டு வெளிச்சத்துல எடுத்திருந்ததால முதல்ல நான் அதை நம்பல. குண்டு பல்பு வெளிச்சத்துல எந்த இலையும் மஞ்சளாத்தான் தெரியும். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, லைட்டு போடாம, அதே இடத்துல நின்னு எடு. ஒண்ணு முழுச்செடி, ஒண்ணு இலை பக்கத்துல, ஒண்ணு தண்டு மண்ணுல இறங்கற இடம், ஒண்ணு தொட்டியோட அடி"ன்னு சொன்னேன்.

மறுநாள் நாலு படமும் வந்துச்சு. விடிஞ்சும் இலை நிமிரல. நரம்பு மஞ்சள் நெசந்தான். எலுமிச்சையில நடு நரம்பு முதல்ல மஞ்சளாச்சுன்னா, வேர்லயோ தண்டோட அடியிலயோ கோளாறுன்னு எடுத்துக்கலாம். சத்துக் குறைவுல பெரும்பாலும் நரம்பு பச்சையா நிக்கும், இடையில இருக்கற இலைதான் வெளுக்கும். இது அதுக்கு நேர்மாறு.

அப்புறம்தான் பழைய படங்களை வரிசையா வச்சுப் பாத்தேன். முதல் நாள் மண்ணு வெளிர் செம்மண் நிறம். மூணாம் நாள் கறுப்பு, அஞ்சாம் நாளும் கறுப்பு, எட்டாம் நாள் மேல பச்சைப் பாசி படிஞ்சிருக்கு. தொட்டிக்கு அடியில வச்ச தட்டுல எப்பவும் தண்ணி தேங்கி நிக்குது. எல்லாம் படத்துலயே இருந்துச்சு. நான் இலையையே பாத்தேன், மண்ணைப் பாக்கல.

நடந்தது இதுதான். மூணாம் நாள் அது அதிர்ச்சிதான், நான் சொன்னது தப்பில்ல. துவளுதேன்னு அவ ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினா. குடிக்க வேர் இல்லாத செடிக்கு ஊத்துன தண்ணி அப்படியே நின்னுச்சு. காத்து இல்லாம இருந்த வேரும் மூச்சு முட்டிப் போச்சு. ஈரத்துல பெருகுற ஃபைட்டோப்தோரா மாதிரி கிருமிக்கு அது நல்ல வசதி. கிருமி நர்சரி மண்ணோடயே வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆக, அதிர்ச்சியும் அழுகலும் வேற வேற செடிக்கு வரணும்னு இல்ல. முதல்ல அது வந்து, நாம செய்யற வைத்தியத்தால இதுவா மாறும்.

இதுக்கு மேல போட்டோ உதவாது. மண்ணுக்கு உள்ள இருக்கறதை எந்தப் போன் காமிக்கும்? செடியை வெளிய எடுக்கச் சொன்னேன். நல்ல வேர் வெளிர் நிறமா, கெட்டியா இருக்கும். அழுகுன வேர் பழுப்பா இருக்கும். ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா தோல் மட்டும் உருவிக்கிட்டு வந்துரும், உள்ள நூல் மாதிரி நரம்பு நிக்கும். அவ வீடியோ கால்ல இழுத்துக் காமிச்சா. பாதி வேர் அப்படித்தான் உருவிக்கிட்டு வந்துச்சு. "நாத்தமா அடிக்குது மாமா"ன்னா. தண்டோட அடியில பட்டை மட்டும் கறுக்கல, பிசினும் வடியல. அதனால நம்பிக்கை இருந்துச்சு. பட்டை சுத்திலும் கறுத்துப்போயிருந்தா தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்.

அழுகுன வேரை, ஸ்பிரிட்டுல துடைச்ச கத்திரியால நல்ல வேர் தெரியற வரைக்கும் வெட்டுனா. வேர் பாதி போயிருச்சே, மேல இருக்கற கிளையிலயும் மூணுல ஒரு பங்கைக் குறைச்சோம். மறுபடி பெரிய தொட்டியில வைக்கல. இருக்கற வேருக்கு ஏத்த சின்னத் தொட்டி. பெரிய தொட்டியில வேர் எட்டாத மண்ணு காயாமலே கிடக்கும். புது மண்ணு: செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு மூணு கிராம் கலந்து ஒரு தடவை வேர்ல ஊத்தச் சொன்னேன். கூடவே டிரைக்கோடெர்மா போடட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். அதுவும் ஒரு பூஞ்சைதான், காப்பர் அதையும் பாதிக்கலாம். தட்டை எடுத்துட்டு, ரெண்டு செங்கல் மேல தொட்டியைத் தூக்கி வச்சாச்சு. விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

அப்புறம் தெனமும் காலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ. முதல் வாரம் இன்னும் நாலஞ்சு இலை கொட்டுச்சு. பத்தாம் நாளைக்கு மேல, இருக்கற இலை விடியும்போது நிமிந்து நின்னுச்சு. மூணு வாரம் கழிச்சு, வெட்டுன கிளைக்குக் கீழ கடுகு அளவுக்கு ரெண்டு மொட்டு. துளிர்தான். பிழைச்சதுன்னு இப்பவே சொல்ல மாட்டேன். அந்தத் துளிர் விரிஞ்சு, இலை முத்தி நிக்கணும்.

இப்பல்லாம் யாராவது செடி போட்டோ அனுப்புனா, இலையைப் பாக்கறதுக்கு முன்னாடி மண்ணோட நிறத்தைத்தான் பாக்கறேன். அடுத்து மணியைக் கேக்கறேன்.