முந்தானையில் முடிந்த பல் துண்டு

போன வருஷம் என் பெண் முற்றத்தில் கயிறு தாண்டிக் கொண்டிருந்தாள். வயது 11. கால் தடுக்கித் துணி துவைக்கும் கல்லின் மேல் விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம்! கழுவிப் பார்த்தால், மேல் முன்பல்லில் பாதியைக் காணோம்.

தேடிய மாமியாருக்குக் கல்லடியில் துண்டு கிடைத்தது. "கூரை மேலே போட்டுடும்மா, வேற முளைக்கும்" என்றார்.

"இது பால் பல் இல்லையே அத்தை, இனிமே எங்கே முளைக்கும்?" என்று சொல்லி, துண்டைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்து கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையன் கடைப் பசையால் ஒட்டிவிடலாம் என்றான். நல்ல வேளை, கேட்கவில்லை. அந்தப் பசை வாய்க்கு ஆகாது. பிறகு துண்டும் சரியாகப் பொருந்தாதாம்.

எங்கள் பிள்ளையார்குப்பத்திலேயே இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் அவள் அப்பா வந்து கிளம்புவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. முடிச்சை அவிழ்த்தால், துண்டு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"காய வைச்சிட்டீங்களே அம்மா! தண்ணியிலே போட்டுக் கொண்டு வந்திருக்கணும். காய்ந்த துண்டு நிறம் மாறும், பிடிப்பும் குறையும்" என்றார் டாக்டரம்மா. அதை 20 நிமிஷம் உப்பு நீரில் ஊற வைத்தார்கள்.

அதற்குள் வேரில் விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு கிடைக்காமல் உதடு கிழிந்திருந்தால், உதட்டுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்களாம். துண்டு சதைக்குள் புதைந்திருக்கலாம் அல்லவா? உடைந்த இடத்தில் ரத்தப் புள்ளி தெரிந்தால் உள்ளே இருக்கும் நரம்பு வெளிப்பட்டிருக்கிறது, அதற்குத்தான் முதல் வைத்தியம். எங்களுக்கு அப்படி இல்லை.

பிறகு மரக்க ஊசி போட்டார். துண்டைப் பல்லோடு வைத்துப் பொருத்தம் பார்த்தார். இரண்டு முகத்திலும் நீலநிற அமிலக் களிம்பைச் சில விநாடிகள் தடவிக் கழுவினார். வழவழப்பான பல் அதனால் சொரசொரப்பாகி, பசை உள்ளே இறங்கிப் பிடிக்குமாம். பசையும் பல் நிறப் பூச்சும் தடவி, துண்டைப் பதித்து, நீல விளக்கொளி காட்டினார். பூச்சு இறுகிவிட்டது. எச்சில் பட்டால் பிடிக்காது என்று கடைசிவரை ஈரம் படாமல் காத்தார்.

முதலில் துண்டு வெளுப்பாகத்தான் தெரிந்தது. சில நாளில் ஈரம் ஏறி நிறம் சேர்ந்தது. கோடு உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒட்டிய பல் முழுப் பல்லின் பலம் வராது. முறுக்கு, கரும்பு, கொய்யாக்காய் எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது. மறுபடி அடிபட்டால் பெயரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு தடவை, ஒரு வருஷத்தில் ஒரு தடவை காட்டச் சொன்னார். நடுவில் பல் சாம்பல் நிறமானாலும், ஈறில் கொப்புளம் வந்தாலும் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். உடனே ஓட வேண்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே! உடைந்த துண்டுக்குத் தண்ணீர் போதும். நிலைத்த பல் வேரோடு விழுந்தால் தண்ணீரில் போடாமல், பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.