கண்ணாடியில்லாத அரைமணி நேரம்

மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் முடிதிருத்தகத்துள் நுழைந்தால் பாதிப் பார்வையை வாசலிலேயே விட்டுவிட வேண்டியதுதான். நாற்காலியில் அமர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறோம். எதிரேயுள்ள நிலைக்கண்ணாடியில் வெண்துணி போர்த்திய ஒரு மங்கல் உருவம் மட்டுமே தெரிகிறது. வேலை முடிந்து கண்ணாடியை அணிந்து பார்க்கும்போது, சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும். சொல்லிப் பயனேதும் இராது.

என் வலக்காதுக்கு மூன்று விரற்கிடை மேலே ஒரு தழும்பு உண்டு. சிறுவயதில் மாங்காய்க்கு அண்ணன் எறிந்த கல் பட்ட இடம். எனக்கு அது மறந்தே போயிற்று. அண்ணனுக்கு மறக்கவில்லை, அது கண்ணில் படும்போதெல்லாம் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகளின் நிச்சயதார்த்தத்திற்கு நான்கு நாட்கள் இருந்தன. அண்ணன் முன்வரிசையில் அமர்வார். அந்த நினைவோடுதான் முடிதிருத்தகத்திற்குச் சென்றேன். ஆனால் தழும்பைப் பற்றிச் சொல்லாமல், வழக்கம்போல் "மீடியமாக வெட்டுங்கள்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். என் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. மீடியம் என்பது என் மனத்தில் ஓர் அளவு. அவர் கையில் வேறோர் அளவு.

மிஷின் இடக்காதின் மேலே ஏறியபோது, காற்றுப் பட்ட இடம் சில்லென்றது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் தோன்றியதையெல்லாம் உடனே சொல்லலாமா? முன்பு ஒருமுறை வேறொரு கடையில், பலர் காத்திருக்கும்போது, "கெடுத்துவிட்டீர்களே!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பதில் பேசவில்லை. எஞ்சிய வேலையை அவசரமாக முடித்து அனுப்பினார். உண்மையில் அன்று எதுவும் கெட்டிருக்கவில்லை. ஓரங்கள் குறைந்து உச்சி குறையாத நிலையில் எந்தத் தலையும் காளான் போலத்தான் இருக்கும். தலை சாய்ந்திருந்தால் இருபக்கமும் ஏற்றத்தாழ்வாகத் தோன்றும். நீர் தெளித்த முடி நீண்டு படியும், உலர்ந்ததும் சற்று மேலேறும். வடிவத்தைப் பற்றிய குறையைக் கடைசிவரை பொறுக்கலாம். நீளத்தைப் பற்றிய குறைக்கு அந்தப் பொறுமை உதவாது. மிஷின் முதல்முறை கடந்து சென்ற இடத்தில் நின்ற நீளமே இறுதி நீளம்.

அன்று எனக்கிருந்த குறை நீளத்தைப் பற்றியது. ஆகவே தலையை அசைக்காமல், மிஷின் தலையைவிட்டு விலகும்வரை காத்திருந்து, துணிக்கு வெளியே கையை மெல்ல உயர்த்தினேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்கள். கண்ணாடி போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்."

அவர் மிஷினை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தே கொடுத்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். இடக்காதுக்கு மேலே இரண்டு விரற்கிடை அளவுக்குத் தோல் வெளுத்துத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "இது எத்தனையாம் நம்பர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு சார். மீடியம்னா இங்கே எல்லாருக்கும் அதுதான்."

மிஷினின் முனையில் மாட்டும் சீப்புக்கு எண் உண்டு. இரண்டு என்றால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் முடி நிற்கும். நான்கு என்றால் 13. ஆறில் என் தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அவர் விரலைப் பிடித்துத் தழும்பின்மீது வைத்தேன். "இது தெரியாமல் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வந்ததை மாற்ற வேண்டாம். இனிமேல் செய்வதில் ஏதேனும் வழியுண்டா?" என்றேன்.

அவர் முகம் சற்றும் வாடவில்லை. சீப்பால் முடியை விலக்கிப் பார்த்து, தமக்குள் ஏதோ கணக்கிட்டார். இடப்பக்கம் இரண்டு விரலோடு நிறுத்திவிடலாம். வலப்பக்கமும் அதே உயரம்வரை மட்டும் இரண்டாம் நம்பர். தழும்பு அதற்கு மேலே இருப்பதால் தப்பித்தது. அங்கே மிஷினே வேண்டாம், சீப்பும் கத்தரியும் போதும். குட்டையும் நீளமும் சந்திக்கும் இடத்தில் மட்டும் மூன்றாம் நம்பரை மெல்ல ஓட்டினால் படிபோலத் தெரியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பிடரியில கொஞ்சம் ஏறிருச்சு சார், அதை ஒண்ணும் செய்ய முடியாது" என்றும் உண்மையைச் சொன்னார்.

அவர் வலப்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால்? முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நான்கு நாளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். எந்தப் பணிவும் அதை ஈடுசெய்திருக்காது.

இடையில் இன்னொரு முறையும் அவரே நிறுத்தி, கேளாமலே கண்ணாடியை என் கையில் தந்தார். முடிவில் சிறு கண்ணாடியைத் தலைக்குப் பின்னே பிடித்துக் காட்டினார். பிடரி நான் விரும்பியதைவிடக் குட்டைதான். வலக்காதுக்கு மேலே தடவிப் பார்த்தேன். தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "அடுத்த தடவை உட்கார்ந்ததும் அதைத் தொட்டுக் காட்டிருங்க சார். மீடியம்னு மட்டும் சொல்லாதீங்க."