பன்னிரண்டு எந்த எழுத்து?

லண்டனிலிருந்து வரும் டைம்ஸ், டெலிகிராஃப் போன்ற நாளிதழ்களின் புதிர்ப் பக்கத்தில் குறுக்கெழுத்துக்கு அருகிலேயே இன்னொரு கட்டம் இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாகப் பார்வைக்கு அதுவும் குறுக்கெழுத்துதான். ஆனால் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஒரு குறிப்புகூடக் கிடையாது. அதற்குப் பதிலாக வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண் அச்சாகியிருக்கும். 1 முதல் 26 வரையான அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்கும். ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்துதான். கட்டம் முழுவதிலும் அது மாறாது. தொடங்கி வைக்க இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் சொல்லிவிடுவார்கள். இதன் பெயர் கோட்வேர்ட்.

குறுக்கெழுத்து போடுகிறவருக்கு உலக அறிவு வேண்டும். நதியின் பெயர், நடிகரின் பெயர், ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் என்று ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கோட்வேர்டில் அந்த அறிவுக்கு வேலை இல்லை. எந்த எழுத்து எதன் பக்கத்தில் உட்காரும், எது சொல்லின் கடைசியில் வரவே வராது, எது தனியாக வர மறுக்கும் என்பதுதான் இங்கே தெரிய வேண்டியது. பொருளைப் பார்க்காமல் சொல்லின் உருவத்தை மட்டும் பார்த்துப் படிக்கிற படிப்பு இது.

புதிதாக உட்காருகிறவர் முதலில் எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொள்வார். அது பழைய வழி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி, மறைமொழியில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் முறையை எழுதிவைத்தார். எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'தங்க வண்டு' கதையில் புதையலுக்கு வழிகாட்டும் மறைமொழியில் 8 என்ற குறி அதிகம் வருகிறது. அதை 'ஈ' என்று வைத்துக்கொண்டுதான் கதாநாயகன் முடிச்சை அவிழ்க்கிறான். அடுத்தபடியாக அவனுக்குக் கைகொடுப்பது ஆங்கிலத்தில் ஓயாமல் வருகிற 'தி' என்ற குட்டிச் சொல்.

கோட்வேர்டில் அந்தக் குட்டிச் சொல் இல்லை. வாக்கியமே இல்லாமல் தனித்தனிச் சொற்கள்தான் இருக்கின்றன. இதனால் எண்ணிக்கைக் கணக்கே மாறிவிடுகிறது. (ஆங்கிலத்தின் இரண்டு டகரங்களும் தமிழில் குழம்பும் என்பதால், டேபிளின் முதலெழுத்தை 'டீ' என்றும் டோரின் முதலெழுத்தை 'டி' என்றும் இங்கே வைத்துக்கொள்ளலாம்.) ஓடுகிற ஆங்கில உரைநடையில் 'ஈ'க்கு அடுத்து அதிகம் வருவது 'டீ'. அகராதிச் சொற்களை மட்டும் எடுத்து எண்ணினால் 'ஏ', 'ஆர்', 'ஐ', 'ஓ' எல்லாம் முன்னால் வந்து, 'டீ' ஆறாம் இடத்துக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, புதிரை அமைப்பவர் பெரும்பாலும் 26 எழுத்தையும் ஒருமுறையாவது கொண்டுவந்தாக வேண்டும். 'க்யூ', 'எக்ஸ்', 'இசட்' எல்லாவற்றுக்கும் இடம் பண்ண வேண்டியிருப்பதால் அவர் தேடிப்பிடித்த சொற்களைப் போடுகிறார். எண்ணிக்கை இங்கே சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பு சொல்லாது.

தீர்ப்புக்கு அருகில் கொண்டுபோவது சொல்லின் அச்சு. ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கொடுத்திருப்பவை இரண்டே எழுத்துகள்: 6 என்பது 'ஆர்', 19 என்பது 'சி'. கண்ணில் முதலில் படுவது ஏழெழுத்துச் சொல் ஒன்று.

12-5-12-20-12-7-16

ஒன்று, மூன்று, ஐந்தாம் இடங்களில் ஒரே எழுத்து. மற்ற நான்கும் வேறு வேறு. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று முறை வரக்கூடியது உயிரெழுத்தாகத்தான் இருக்கும் என்று கை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் உயிரென்றால் முதலில் 'ஈ'. உடனே 'எலிமென்ட்' என்ற சொல் வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. இதே அச்சில் வேறு சொற்களும் உண்டு. நம் அவதாரம் ஆங்கிலத்துக்குப் போய்ப் பன்மை வாங்கி 'அவதார்ஸ்' ஆனதே, அதுவும் பொருந்தும். ஆனால் அதன் ஆறாம் எழுத்து 'ஆர்'. 'ஆர்' ஏற்கெனவே 6 என்று தெரியும், இங்கே ஆறாம் இடத்தில் இருப்பதோ 7. ஆகவே அது விலகிவிடுகிறது. கொடுத்த எழுத்துகள் ஒன்றைச் சேர்க்க உதவுவதைவிட, இப்படி ஒன்றை விலக்கத்தான் அதிகம் உதவும்.

எலிமென்ட் என்றால் 12 'ஈ', 5 'எல்', 20 'எம்', 7 'என்', 16 'டீ'. ஒரே சொல்லில் ஐந்து எழுத்துகள். பலரும் சறுக்குகிற இடம் இதுதான். சொல் அழகாகப் பொருந்திவிட்டது என்ற நிம்மதியில் அதை மட்டும் நிரப்பிவிட்டு அடுத்த சொல்லைத் தேடப் போவார்கள். பழகியவர் அப்படிச் செய்வதில்லை. ஓர் எண்ணுக்கு எழுத்து தோன்றியதும், அந்த எண் கட்டத்தில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் எழுதிவிடுவார். பொருந்திய இடத்தில் ஊகம் சரியாகத்தான் தெரியும். அது தவறு என்பது தொலைவில், வேறொரு மூலையில்தான் வெளிப்படும்.

அப்படி எழுதிப் பார்த்தால் இன்னொரு சொல் வருகிறது: 2-12-7-16-18-25-23. இதன் நடுவில் 'ஈ', 'என்', 'டீ' என்று விழுகிறது. ஆங்கிலத்தில் தினமும் பார்க்கிற சேர்க்கை. தவறான ஊகத்துக்கும் இப்படி ஆமாம் போடுகிற சொல் ஒன்று எங்காவது இருக்கத்தான் செய்யும். அதை நம்பிப் போனால் அரைமணி நேரம் வீணாகும். மூன்றாவது சொல்லில்தான் உண்மை தெரிகிறது.

20-7-16-7-6-23

எழுதிப் பார்த்தால் 'எம்', 'என்', 'டீ', 'என்', 'ஆர்'. சொல்லின் தொடக்கத்திலேயே ஐந்து மெய்கள் வரிசையாக நிற்கின்றன. எந்த ஆங்கிலச் சொல்லும் இப்படித் தொடங்காது. எலிமென்ட் விழுந்துவிட்டது, எழுதிய எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதுதான்.

ஆனால் விழுந்தது ஒன்றைச் சொல்லிவிட்டும் போயிருக்கிறது. இந்தச் சொல்லில் 7 இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் நிற்கிறது. அதுதான் உயிராக இருக்க வேண்டும். அப்படியானால் முதல் சொல்லின் ஆறாம் எழுத்தும் உயிர். அதற்கு முன்னால் நிற்கும் 12-உம் உயிர். சொல்லின் முடிவுக்கு அருகே இரண்டு உயிர்கள் ஒட்டி வருகின்றன. இப்போது 'அன்யூஷ்வல்' தோன்றுகிறது. 12 'யூ', 5 'என்', 20 'எஸ்', 7 'ஏ', 16 'எல்'. மூன்றாவது சொல்லில் இவற்றைப் போட்டால் 'எஸ்', 'ஏ', 'எல்', 'ஏ', 'ஆர்' வரை வந்து கடைசி மட்டும் காலியாக நிற்கிறது. 'சேலரி', சம்பளம். 23 'ஒய்'. இந்தத் தடவை பொருத்தம் தொலைவிலிருந்து வந்திருக்கிறது. அதனால் நம்பலாம்.

ஈ-என்-டீ என்று ஏமாற்றிய சொல்லுக்குத் திரும்பினால், நடுவில் 'யூ', 'ஏ', 'எல்', கடைசியில் 'ஒய்'. இங்கே மூன்று பேர் வந்து நிற்கிறார்கள்: 'குவாலிட்டி', 'குவாலிஃபை', 'டூவாலிட்டி'. மூன்றும் அச்சு பிசகாமல் பொருந்துகின்றன. இந்தச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரமானாலும் விடை கிடைக்காது. மூன்றிலும் பொதுவான 18-ஐ 'ஐ' என்று குறித்துக்கொண்டு வேறு சொல்லுக்குப் போவதே வழி. 19-6-23-20-25-7-16 என்று ஒன்று காத்திருக்கிறது. 'சி', 'ஆர்', 'ஒய்', 'எஸ்', பிறகு ஒரு காலி இடம், 'ஏ', 'எல்'. 'கிரிஸ்டல்' தவிர வேறில்லை. 25 'டீ'. குவாலிஃபை போயிற்று.

மீதி குவாலிட்டியும் டூவாலிட்டியும். 2 என்ற எண் 'க்யூ'வா, 'டி'யா? இங்கே அக்கம்பக்கம் பேசுகிறது. 2 வேறு எங்காவது வந்து, அங்கே பின்னால் 12 இல்லாவிட்டால், அநேகமாக அது 'க்யூ' அல்ல. ஆங்கிலத்தில் 'க்யூ'வுக்குப் பின் 'யூ' வருவது ஏறக்குறைய விதி. சொல்லின் கடைசியில் 2 நின்றாலும் அப்படித்தான். அது 'டி'க்குச் சொந்தமான இடம். 2 வேறெங்கும் வரவேயில்லை என்றால் கட்டத்தின் அடியில் அச்சடித்திருக்கும் எழுத்து வரிசைதான் கடைசிச் சாட்சி. கண்டுபிடித்த எழுத்தை அதில் அடித்துக்கொண்டே வந்தவருக்கு, முடிவில் அடிக்கப்படாமல் இருப்பது எது என்று தெரிந்துவிடும். இந்த வரிசையில் அடிக்காமலே போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மாதிரி இடத்தில் வழி அடைத்துவிடும்.

இவ்வளவு தூரம் வந்தும் 'ஈ' இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். நான்கு சொற்கள் முடிந்தன, ஒன்றிலும் 'ஈ' இல்லை. கட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் எண் 10. அதுதான் 'ஈ' என்ற சந்தேகம் முதலிலிருந்தே உண்டு, சாட்சிதான் இல்லை. 10-14-19-10-16 என்ற சொல் அதைத் தருகிறது. நடுவில் 'சி', கடைசியில் 'எல்', ஒன்றிலும் நான்கிலும் ஒரே எழுத்து. 'எக்செல்'. மிக அதிகம் வருகிற எழுத்தும் மிகவும் அரிதாக வருகிற 'எக்ஸ்' என்ற எழுத்தும் ஒரே சொல்லில் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிட்டன. இதற்குப் பிறகு கட்டம் தானாகவே திறந்துகொள்ளும்.

தமிழில் இப்படி ஒரு புதிர் அமைத்தால் எப்படியிருக்கும்? எண்கள் 26-இல் நிற்காது, அது வெளிப்படை. பெரிய சிக்கல் வேறு. 'கத்திரிக்காய்' என்ற சொல்லில் ககரம் மூன்று முறை வருகிறது: க, க், கா. ஆனால் மூன்றும் வேறு வேறு எழுத்துகள், மூன்று வேறு எண்கள். த், தி ஆகியவையும் அப்படியே. ஏழெழுத்தில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. 'அன்யூஷ்வல்' தன்னைக் காட்டிக்கொடுத்தது எழுத்து திரும்பியதால்தான். தமிழ்ச் சொல் அந்தத் தடயத்தை விடாது. எல்லா எழுத்தும் வந்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் நடக்காது என்பதால், அடியில் வரிசையை அடித்துவரும் வசதியும் போய்விடும்.

பதிலுக்குத் தமிழ் வேறொன்றைத் தருகிறது. சொல்லுக்கு முதலில் எவை வரும், இறுதியில் எவை வரும், எந்த மெய்யுடன் எந்த மெய் சேரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே வகுத்துவைத்திருக்கிறது. மெய் முதலில் வராது. வல்லின மெய் இறுதியில் வராது. 'ங்' வந்தால் பின்னால் பெரும்பாலும் ககர வரிசைதான். ஆங்கிலத்தில் 'க்யூ'வுக்கு மட்டும் இருக்கிற கட்டுப்பாடு இங்கே அநேகமாக எல்லா மெய்க்கும் உண்டு. ஆகவே தமிழ்ப் புதிரில் இரண்டு மூன்று எழுத்து கொடுத்தால் போதாது. மெய்கள் பத்தையாவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு புள்ளிக்கு அடுத்த கட்டத்திலிருந்து தொடங்கலாம். க்+அ+த்+த்+இ என்று பிரித்து, கட்டத்துக்கு ஓர் ஒலியாக அமைத்தால் எண்கள் 31-இல் அடங்கும், திரும்பும் தடயங்களும் கிடைத்துவிடும். ஆனால் அப்படிப் பிரித்துப் படிக்க யாருடைய கண்ணும் பழகவில்லை.