தேநீருக்கு ஓர் அழைப்பு

கொல்லிமலை செம்மேட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். "பிரான்சிலிருந்து ஒரு பொண்ணு வகுப்புல சேர்ந்திருக்கா தாத்தா. வராந்தாவுல ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். டீக்குக் கூப்பிடணும், இதைப் பாருங்க" என்று போனை நீட்டினாள்.

'ஒரு நாள் டீ குடிக்கலாமா?' என்று பிரெஞ்சில் எழுதி, 'வூ' போட்டிருந்தாள். 'வூ' என்றால் 'நீங்கள்', 'து' என்றால் 'நீ'. நம் கொங்குப் பக்கத்தில் சின்னவரையும் "வாங்க" என்பது பாசம். பிரெஞ்சு மாணவர்களோ முதல் நாளே ஒருவரையொருவர் 'து' என்பார்கள். அங்கே 'வூ' எழுதினால் தள்ளி நிற்பதுபோல் ஆகிவிடும்.

'ஒரு நாள்' என்பதும் உதவாது. எந்த நாள் என்று தெரியாமல் அவள் எதற்குச் சம்மதிப்பாள்? ஒருமுறை பார்த்த முகம் நினைவிருக்கும் என்றும் சொல்ல முடியாது. திருத்தியபின் இப்படி வந்தது:

"வணக்கம். செவ்வாய்க்கிழமை வராந்தாவில் என்னிடம் அறை எண் கேட்டாயே, அது நான்தான். வகுப்புக் குழுவில் உன் நம்பர் இருந்தது. வியாழன் வகுப்பு முடிந்ததும், நாலரைக்கு, கேன்டீனில் டீ குடிக்கலாமா? முடியாவிட்டால் பரவாயில்லை, வேறு நாள் சொல்."

பிரெஞ்சில் டீயைக் 'குடிப்பதை'விட 'எடுத்துக்கொள்வது'தான் வழக்கம் என்பதால், அந்த வினைச்சொல்லையும் மாற்றினோம்.

"பதில் வரலைன்னா?" என்றாள்.

"மறுபடி எழுதாதே கண்ணு. வகுப்புல பார்த்தா சிரி, போதும்" என்றேன்.