கிணற்றுக்குள் ஓடிய பத்தாயிரம் ரூபாய்

சேரப்பணஞ்சேரியில் சாலையோரம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் இது எங்கள் அப்பா நெல் போட்ட நிலம். ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்த பிறகு நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. மிச்சமிருந்த மனையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் அப்பா வெட்டிய கிணறு. விவசாய இணைப்பு எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது கடை இணைப்பு ஒன்றுதான்.

போன கோடையில் கணக்கெடுக்க வந்தவர் அட்டையில் எழுதிய யூனிட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு மாதத்துக்கு வழக்கமாக 400 யூனிட் ஓடும். பில் 4,000 ரூபாய் வரும். அன்று 1,410 யூனிட். பில் 14,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, இவ்வளவுதான் கடையில் இருப்பது.

பக்கத்துக் கடைக்காரர், "மீட்டர் வேகமா ஓடுது, எழுதிக் கொடுங்க" என்றார். எனக்கோ சந்தேகம் வேறு இடத்தில் போனது. கடையில் வேலை செய்யும் விழுப்புரத்துப் பையன் இரவில் கடையிலேயே படுத்துக்கொள்வான். கரண்ட் அடுப்பில் எதையாவது சமைக்கிறானோ என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவனைக் கேட்டுவிட்டேன். "இல்லண்ணா" என்று மட்டும் சொன்னான். அன்று சாயங்காலம் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று யாரிடமோ அவன் விசாரித்துக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னாள்.

நாலாம் நாள், தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் அட்டையில் எழுதிய ரீடிங்கையும் மீட்டரில் ஓடும் ரீடிங்கையும் ஒப்பிட்டார். எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அட்டையில் உள்ளது மீட்டரில் இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம். அல்லது நாலு நாளில் கூடியது நம்ப முடியாத அளவில் இருக்கும். இங்கே நாலு நாளில் 132 யூனிட் கூடியிருந்தது. அதாவது நாளொன்றுக்கு 33 யூனிட். வழக்கமாக எனக்கு ஏழு யூனிட்டுக்குள்தான் ஓடும். "எழுதினதுல தப்பு இல்லண்ணா. ஏதோ ஒண்ணு இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

அடுத்து மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் காட்டினார். அதன் அருகே 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தது. விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டரில் இந்த எண் 1,600 ஆகவும் வேறாகவும் இருக்கும். அதனால் உங்கள் மீட்டரில் உள்ளதைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும்.

மெயின் ஸ்விட்சை இறக்கினார். மினுக்கல் நின்றது. "நம்ம பக்கம் எதுவும் ஓடலைன்னா மீட்டரும் ஓடலை. அதனால மீட்டர் தானா ஓடுதுன்னு சொல்ல முடியாது" என்றார். மீட்டர் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்பதை இது காட்டாது. அதற்கு வாரியத்தில் பணம் கட்டிச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது இது.

மெயினை மறுபடி ஏற்றிவிட்டு, பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்தோம். விளக்கு மட்டும் விடாமல் நொடிக்கு ஒருமுறை மினுக்கியது. ஒரு நிமிடத்துக்கு எண்ணிப் பார்த்தோம், 59 முறை. மணிக்கு 3,540 முறை. அதை 3,200 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.1 யூனிட். செல்போன் சார்ஜரோ, ஈரச் சுவரில் கசியும் கரண்டோ இவ்வளவு இழுக்காது. "இது ஒரு மோட்டார்" என்றார் தம்பி.

எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கினோம். எல்லாம் இறங்கியும் மினுக்கல் நிற்கவில்லை. அப்போதுதான் மெயினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபியூஸ் கட்டையும், அதிலிருந்து சுவரைத் துளைத்துப் பின்பக்கம் போகும் வயரும் கண்ணில் பட்டன. ஃபியூஸைப் பிடுங்கியதும் விளக்கு நின்றது.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணா, ராத்திரி லாரி சத்தம் அடங்கினா கிணத்துல தண்ணி கொட்டுற சத்தம் கேக்கும். நீங்க கோவமா இருந்தீங்க, அதான் சொல்லலை."

பின்னால் ஓடிப் போனோம். கிணற்றுக்குள் 1 ஹெச்.பி. ஓப்பன்வெல் மோட்டார் கிடக்கிறது. கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட வாங்கியது. தண்ணீருக்குள் கிடப்பதால் அதன் சத்தம் மேலே வராது. ஆடு கடிக்காமல் இருக்க ஓஸ் குழாயைச் சுருட்டி, முனையைக் கிணற்றுக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தோம். மோட்டார் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கிணற்றிலேயே கொட்டியிருக்கிறது. தண்ணீர் வெளியே வழியவில்லை, கிணறும் வற்றவில்லை, மோட்டாரும் காயவில்லை. காட்டிக்கொடுக்க மீட்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எப்போதிலிருந்து? தம்பி மறுபடி ஃபியூஸைப் போட்டு டாங் டெஸ்டரில் பார்த்தார். 5 ஆம்பியர் காட்டியது. விளக்கு சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போனது. நாளொன்றுக்கு 26 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கூடுதலாக வந்த 1,010 யூனிட்டை அதால் வகுத்தால் 38 நாள். கணக்கெடுத்தது ஜூன் 24. அங்கிருந்து 38 நாள் பின்னால் போனால் மே 17. கடை நோட்டைப் புரட்டினேன். மே 16-ல், "கரண்ட் இல்லை, ஐஸ்கிரீம் வண்டி திருப்பி அனுப்பியது" என்று என் கையெழுத்தே இருந்தது.

அன்று பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்தடை. கீரைக்குத் தண்ணீர் விடப் போய் ஸ்விட்சைப் போட்டேன், ஓடவில்லை. வந்தால் ஓடட்டும், அப்புறம் வந்து குழாயை இழுத்துவிடலாம் என்று அப்படியே விட்டுவிட்டு, ஆள் கூப்பிட்டதால் கடைக்கு வந்துவிட்டேன். மதியம் கரண்ட் வந்தது, கடையில் கூட்டம். சாயங்காலம் ஆடு புகுந்து கீரையை மேய்ந்துவிட்டது. ஆடி பிறந்து விதைக்கலாம் என்று படலைச் சாத்திவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இது அப்பாவின் கைப்பழக்கம். எப்போது கரண்ட் வரும் என்று தெரியாத நாட்களில் ஸ்விட்சைப் போட்டு வைத்துவிட்டுத்தான் அவர் தூங்குவார். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் ஆன பிறகு, இரவெல்லாம் ஓடினாலும் கையைக் கடித்ததில்லை. கடை இணைப்பில் ஒரு யூனிட் கிட்டத்தட்ட பத்து ரூபாய். நாளொன்றுக்கு 260 ரூபாயை நான் கிணற்றுக்குள் ஊற்றியிருக்கிறேன். கணக்கெடுத்த பிறகு ஓடிய நாலு நாளும் அடுத்த பில்லில் வந்து சேர்ந்தது.

பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஓடியது நம் மோட்டார். நோட்டை அடகு வைத்துக் கட்டினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மாதச் சீட்டுப் பணம் தள்ளிப்போனது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்குத் தனி எம்.சி.பி.யும், கடைக்குள் கல்லாவுக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கும் போடச் சொன்னேன். மோட்டார் ஓடினால் விளக்கு எரியும். மின்தடையில் ஸ்விட்சைப் போடுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிறுதோறும் ரீடிங்கை நோட்டில் எழுதுகிறேன். வாரத்துக்கு 50 யூனிட்டைத் தாண்டினால் அன்றே தேடுவேன்.

பையனை எல்லார் முன்னாலும் கேட்டேன் அல்லவா, மன்னிப்பையும் அப்படியே கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். இன்னும் கடையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரீடிங் எழுதுவது இப்போது அவன்தான்.