வீட்டில் இருந்துதானே சம்பளம் எடுத்தீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் வாசியுங்கள்.

போன மாதம் பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு வாப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். “லொக்டவுன்ல டீச்சர்மாருக்குத்தான் நல்ல காலம். வீட்டுல இருந்துதானே சம்பளம் எடுத்தீங்க.” கோபத்தில் சொல்லவில்லை, பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் இதே பகிடியை எல்கடுவயில் நான் வேறு வேறு வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். அதனால் அந்த “வீட்டுல இருந்து” என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் ஊரடங்கும் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஹோல், ஒரு அறை, பின்னால் தகரம் போட்ட குசினி. அதற்குள் நாங்கள் ஐந்து பேர். மாமி, இவர், நான், நான்காம் தரம் படித்த மகன், மூன்று வயது மகள். இவர் த்ரீவீல் ஓட்டுபவர். ஊரடங்கில் அதுவும் முற்றத்தில் நின்றது. நல்ல போன் ஒன்றுதான் இருந்தது.

அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பேசியது சிக்னலைப் பற்றி. பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் பாடம் எடுக்கவும் அனுப்பவும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியில் நடந்து ஒரு பாறைக்கு ஏறிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தது. எங்கள் மலையிலும் சிக்னல் சண்டை இருந்ததுதான். ஆனால் சிக்னல் கிடைத்த பிறகு வரும் பிரச்சினையை யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் வந்த ஒரே இடம் ஹோலின் முன் ஜன்னல். கதவு அதற்குப் பக்கத்தில், டீவி அதற்கு எதிரில், மாமியின் கட்டில் அதற்குக் கீழே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அமைதி இருக்கும், சிக்னல் இருக்காது. ஜன்னலில் நின்றால் சிக்னல் இருக்கும், கூடவே முழுக் குடும்பமும் இருக்கும்.

முதலில் ஸூம் வைத்துப் பார்த்தோம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு தானாகவே முடிந்துவிடும். சொல்லிவைத்தாற்போல எங்கள் பாடவேளையும் 40 நிமிடம்தான். ஆனால் முப்பத்தொரு பிள்ளைகளில் உள்ளே வந்தது ஏழு பேர். மற்றவர்களின் வீட்டுப் போன் வாப்பாவோடோ அப்பாவோடோ வெளியே போயிருந்தது. ஊரடங்கிலும் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை, ஞாபகம் இருக்கும். லயத்துப் பிள்ளைகளுக்குப் போன் கைக்கு வரும்போது பின்னேரம் நாலு மணி தாண்டிவிடும்.

ஆகவே வட்ஸ்அப் குரல் பதிவுக்கு மாறினோம். ஐந்து நிமிடப் பேச்சு ஒரு எம்பிகூட வராது. வீடியோ என்றால் அதே ஐந்து நிமிடம் பல பத்து எம்பி தின்னும். குரலைப் பிள்ளை எந்த நேரத்திலும் இறக்கிக் கேட்கலாம். கொப்பியில் கணக்கைச் செய்து படம் எடுத்து, அதோடு விளக்கத்தைப் பேசி அனுப்புவது. கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு காலை. தரம் 7, பின்னங்களைக் கூட்டல். ஒன்பது மணிக்கு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். பேசத் தொடங்கியதும் மாமி, “மகள், பிரஷர் குளிசை எங்க?” மறுபடி தொடங்கினேன். மீன்காரரின் ஹோர்ன். மறுபடி. மகள் வந்து மடியில் ஏறினாள். ஒன்பதரைக்கு மகனுடைய டீச்சரின் பாடம் வரும் என்று போனை அவன் வாங்கிக்கொண்டான். பத்து மணிக்குத் திரும்பக் கிடைத்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா சீனி கேட்டு வந்தார். பிறகு மழை. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் எல்கடுவயில் அது எப்போது விடும் என்று உங்களுக்குத் தெரியும், பதிவில் மழை மட்டும்தான் கேட்கும். அன்று எண்ணிப் பார்த்தேன், பதினொரு தடவை. அனுப்பி முடிக்கும்போது லுஹர் அதான் சொல்லிவிட்டது.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாமிக்குக் குளிசை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. போனது அதற்குப் பிறகுதான். அந்நேரம் வட்ஸ்அப்பில் பதிவை இடையில் நிறுத்தி வைத்துத் தொடரும் வசதி இல்லை. நாலாவது நிமிடத்தில் பிள்ளை அழுதால் நாலு நிமிடமும் போனதுதான். மறுபடி பேசும்போது முதல் தடவை சொன்ன உதாரணம் வாயில் வராது, எதைச் சொன்னேன் எதைச் சொல்லவில்லை என்று குழம்பும்.

ஆகவே பாடத்தையே வெட்டினேன். ஒரு பதிவில் ஒரு கருத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை. 1/2 + 1/3 என்றால் முதல் பதிவில், பாதி ரொட்டியும் மூன்றில் ஒரு பங்கு ரொட்டியும் ஒரே அளவுத் துண்டு இல்லை, அதனால் அப்படியே கூட்ட முடியாது என்பது மட்டும். இரண்டாவதில், இரண்டுக்கும் பொதுவாக வரும் எண் 6. மூன்றாவதில், பாதி என்பது 3/6, மூன்றில் ஒன்று என்பது 2/6. நாலாவதில், கூட்டினால் 5/6, கீழே உள்ள 6 ஏன் 12 ஆகவில்லை என்பது. ஐந்தாவதில் செய்து பார்க்க ஒரு கணக்கு. யாராவது கூப்பிட்டால் ஒரு நிமிடம்தான் நட்டம். பிள்ளைகளுக்கும் இது நல்லதாகப் போனது. விளங்காத துண்டை மட்டும் திரும்பக் கேட்டார்கள், “டீச்சர் மூணாவது வொய்ஸ் விளங்கல்ல” என்று எழுதினார்கள். கல்வியியற் கல்லூரியில் ஒரு பாடத்தைப் படிகளாகப் பிரிக்கத்தான் சொல்லித் தந்தார்கள். மகள் மடியில் ஏறியபோதுதான் அதை அந்தளவுக்குச் செய்தேன்.

வீட்டுக்குள் இருந்த உரசல் வேறு. வகுப்பறையில் நான் நிற்பதைப் பார்த்தாலே அது வேலை என்று தெரியும். வீட்டில் பாயில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாடம் சொல்வதும் முகநூல் பார்ப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆண் உட்கார்ந்திருந்தால் யோசிக்கிறார் என்போம்! மாமியைக் குறை சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் கூப்பிட்டார்.

ஒருநாள் காலை அபாயாவும் ஸ்காஃபும் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாமி கேட்டார், “எங்க மகள் போற, ஊரடங்கில?” “ஸ்கூலுக்கு மாமி” என்றேன். கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு, நான் உடுத்தியிருந்தால் கூப்பிடமாட்டார். உடுப்பை மாற்றினால் கூப்பிடுவார். என் குரல் மட்டும்தான் பிள்ளைகளுக்குப் போகிறது, உடுப்பு யாருக்கும் தெரியாது. அது வீட்டுக்காரர்களுக்கான யூனிபோர்ம்.

இவருடைய விடயம் அவ்வளவு இலகுவாகத் தீரவில்லை. ஹயர் இல்லை, கையில் காசு இல்லை, வீட்டில் ஓடுவது என் சம்பளம். ஒரு மனுஷன் தன் வீட்டு ஹோலிலேயே சத்தம் போட்டுப் பேசக்கூடாது, நியூஸ் பார்க்கக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? “எந்நேரமும் அந்தப் போன்தான்” என்று ஒருநாள் வெடித்தார். நானும் விடவில்லை. மூன்று நாள் பேசவில்லை. கடைசியில் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். சுபஹ் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் எழும்பும்வரை ஜன்னல் எனக்கு. ஒன்பதரைக்கு மகனுக்கு. லுஹருக்குப் பிறகு டீவி அவருக்கு, நான் குசினியில் கொப்பிப் படங்களைத் திருத்துவேன், அதற்குச் சிக்னல் வேண்டியதில்லை. சுபஹுக்குப் பிறகு எல்லாரும் தூக்கம் என்பதால் மெதுவாகப் பேசவேண்டியிருந்தது. “டீச்சர் ஏன் ரகசியம் பேசுறீங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

பிள்ளைகளின் வீடும் எனக்குத் தெரியத் தொடங்கியது. விடைப் படங்களில் கொப்பிக்குக் கீழே மேசை இருப்பது குறைவு. முழங்கால், வாசற்படி, அரிசி வாளியின் மூடி. லயத்து அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் ஆறு பேர் என்றால் மேசைக்கு எங்கே இடம்? ஒரு பிள்ளையின் எழுத்து படத்துக்குப் படம் ஒரு பக்கமாகச் சரிந்து வந்தது. படுத்துக்கொண்டு எழுதுகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. விடைகள் வந்த நேரம் பெரும்பாலும் இரவு ஒன்பதுக்குப் பிறகு. பகல் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பதை மறுநாள் காலை என்று மாற்றியதும், விடை அனுப்புபவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டார்கள். அதுவரை சோம்பேறிகள் என்று பேர் வாங்கியவர்கள் அவர்கள்.

2021 ஜூலை 12 அன்று ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது சம்பள முரண்பாடுதான் முதல் கோரிக்கை. சொந்தப் போன், சொந்த டேட்டா என்ற பேச்சும் கூடவே வந்தது. இடம் என்ற பேச்சு வந்து நான் கேட்கவில்லை.

2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடி, ஜூலை 25 முதல் வாரத்தில் மூன்று நாள் பாடசாலை, மற்ற நாட்கள் வீட்டில் என்றார்கள். அப்போது கதையே மாறிவிட்டது. இவர் த்ரீவீலோடு பெற்றோல் வரிசையில் நாள்கணக்காகக் கிடந்தார், ஹோல் வெறுமையாக இருந்தது. ஆனால் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். அமைதி இருந்தபோது சிக்னல் இல்லை.

இப்போதும் மழைக்கு மண் சரிந்து பாதை மூடினால் உடனே வட்ஸ்அப் குழுவில் பாடம் போடச் சொல்கிறார்கள். அதனால் ஊருக்கு ஒரு வேண்டுகோள். நம் மத்ரஸா அறை காலையில் எட்டிலிருந்து லுஹர்வரை பூட்டித்தான் கிடக்கிறது. ஜன்னல் டவர் பக்கம், நான் போனை வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு மேசை, ஒரு பிளக் போதும். கொரோனாவில் கூட முடியாது, சரி. மழை நாட்களில் நடந்து வரக்கூடிய ஆசிரியர்களும் சாதாரண தரப் பிள்ளைகளும் அங்கே உட்காரலாம். நிர்வாகத்தில் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், விருப்பம்தான் என்கிறார்கள். சாவி யார் கையில் இருப்பது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.